ஏட்டில் கம்பெனிக்கு, உழைப்பில் எங்களுக்கு: பேட்டிகளிலிருந்து ஒரு கருப்பொருள்

கேள்வி: "அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமானில் குடியேறிய ஏழு பேரைப் பேட்டி எடுத்து, பேசியதை அப்படியே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். 84 பக்கம் வந்திருக்கிறது. அதிலிருந்து கருப்பொருள் எடுக்க வேண்டும். 'வீடு', 'வேலை', 'கோவில்', 'பிள்ளைகள் படிப்பு' என்று நான்கு எடுத்துக் காட்டினேன். இவை வெறும் தலைப்புகள் என்று விரிவுரையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றையாவது முழுதாகச் செய்து காட்டுவீர்களா?"

உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரிதான், தம்பி. அந்த நான்கும் ஏழு பேரின் பேச்சிலிருந்து வந்தவை அல்ல. நீங்கள் கையில் கொண்டுபோன கேள்வித் தாளிலிருந்து வந்தவை. வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள், எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசினார்கள், அதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி 'வீடு' என்று பெயர் எழுதிவிட்டீர்கள். ஒரே ஒரு பேட்டிகூட எடுக்காமல் அந்த நான்கு சொற்களையும் எழுதியிருக்க முடியும் அல்லவா? முடியும் என்றால் அது தலைப்பு.

கருப்பொருளைச் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேண்டும். 'வீடு' என்ற சொல்லோடு யாரும் சண்டை போட முடியாது. "கம்பெனி வீட்டைத் தங்கள் வீடாக எண்ணியவர்கள், அந்த உரிமையை அங்கே இருந்த ஆண்டுகளால் அளக்கவில்லை, அதில் போட்ட உழைப்பால் அளந்தார்கள்" என்று எழுதினால் சண்டை போடலாம். "அப்படியா, எங்கே காட்டு" என்று கேட்கலாம். நீங்களும் எழுத்துப்படியைத் திறந்து, இந்தப் பக்கம், இந்த வரி என்று காட்டலாம். இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உங்கள் பாடத்தில் பிரவுன், கிளார்க் இருவரின் பெயர் வந்திருக்கும். 2006இல் வந்த அவர்களுடைய கட்டுரை, பேட்டிகளிலிருந்து கருப்பொருள் எடுக்க ஆறு கட்டங்களைச் சொல்கிறது: படித்துப் பழகுதல், குறியிடுதல், கருப்பொருள் தேடுதல், சரிபார்த்தல், வரையறுத்துப் பெயர் வைத்தல், எழுதுதல். மாணவர்கள் இதைப் படிக்கட்டு என்று நினைத்து நேராக ஏறப் பார்க்கிறார்கள். நான்காவதில் நின்றுகொண்டு இரண்டாவதுக்குத் திரும்பத் திரும்ப இறங்குவதுதான் உண்மையில் நடப்பது. நீங்கள் இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதுக்குத் தாவியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

குறியிடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அறிக்கை மலாயில் எழுத வேண்டும் என்பதற்காகப் பேட்டிகளை முதலிலேயே மொழிபெயர்த்துவிடாதீர்கள். என் முதல் ஆய்வில் நான் அதைத்தான் செய்தேன். 'கம்பெனி வீடு', 'லயத்து வீடு', 'எங்கள் வீடு' என்று ஒரே பாட்டி ஒரே பேட்டியில் மூன்று விதமாகச் சொல்லியிருந்தார். நான் மூன்றையும் 'ரூமா' என்று ஒரே சொல்லாக்கிவிட்டேன். எந்த இடத்தில் கம்பெனி வீடு என்றார், எந்த இடத்தில் எங்கள் வீடு என்று மாறினார் என்பதில்தான் விஷயமே இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

'எங்கள்', 'நம்' என்ற வேறுபாட்டையும் கவனியுங்கள். 'எங்கள் கோவில்' என்றால் கேட்கிற நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். 'நம் கோவில்' என்றால் உங்களையும் உள்ளே இழுத்துவிட்டார். மலாயில் காமி, கித்தா என்று இதே வேறுபாடு உண்டு (இது பால் மரக் கித்தா அல்ல), ஆகவே கவனமாகப் பெயர்த்தால் மலாயில் அது தப்பிப் பிழைக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். எனவே குறியிடுவதைத் தமிழ் எழுத்துப்படியின் மேலேயே செய்யுங்கள். அறிக்கையில் மேற்கோள் காட்டப் போகும் பகுதிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

இனி எடுத்துக்காட்டு. உங்கள் 84 பக்கங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே வரும் பேச்சுப் பகுதிகள் நானாக எழுதிய மாதிரிகள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எழுத்து நடையில் தருகிறேன். உங்கள் எழுத்துப்படியில் அவர்கள் பேசியது பேசியபடியே இருக்க வேண்டும்.

இரண்டாம் பங்கேற்பாளர், பால் மரம் வெட்டியவர், அறுபது வயதைக் கடந்த அம்மா. அவரை ப2 என்போம்.

"அது கம்பெனி வீடுதான், தெரியும். ஆனால் பின்பக்கம் சமையற்கட்டை நாங்கள்தான் இழுத்துக் கட்டினோம். பலகை, தகரம் எல்லாம் என் வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்த்த காசு. தரைக்குச் சிமெண்டு போட்டது மூத்தவள் வயதுக்கு வந்த வருடம். காலி செய்யும்போது, தகரத்தைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டோம். கூடாது என்று கிராணி சொல்லிவிட்டார்."

அவசரமாகப் படிப்பவர் இதன் ஓரத்தில் 'வீடு' என்றோ 'சோகம்' என்றோ எழுதிவிட்டுப் போய்விடுவார். குறியீடு என்றால், பேச்சுப் பகுதியை மறைத்துவிட்டு அதை மட்டும் படித்தாலும் அவர் என்ன சொன்னார் என்று ஓரளவு தெரிய வேண்டும். ஆகவே குறியீட்டில் பெரும்பாலும் ஒரு வினை இருக்கும். நான் இதற்கு நான்கு குறியீடுகள் இடுவேன்:

வீடு கம்பெனியுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறார்
கம்பெனி வீட்டில் சொந்தக் காசில் கட்டுதல்
வீட்டின் மாற்றங்களைக் குடும்ப நிகழ்வோடு சேர்த்து நினைவில் வைத்தல்
தான் வாங்கிப் போட்டதை எடுக்க அனுமதி கேட்டல்

ஒரே பகுதிக்கு நான்கு இடலாமா என்றால், தாராளமாக இடலாம். முதல் சுற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏழு பேட்டிகளுக்கு நூறைத் தாண்டிக் குறியீடுகள் வந்தால் பயப்படாதீர்கள். 'காசு போட்டுக் கட்டுதல்', 'ஓவர்டைம் காசில் கட்டுதல்' போன்றவை இரண்டாம் சுற்றில் ஒன்றாகிவிடும். மாறாக, மொத்தம் பதினைந்துதான் வந்தது என்றால் நீங்கள் இன்னும் தலைப்புத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. எக்செல் தாளில் நான்கு நெடுவரிசை போதும்: யார், எந்த வரி, பேச்சுப் பகுதி, குறியீடு. ஒரு பகுதிக்கு நான்கு குறியீடு என்றால் அந்தப் பகுதி நான்கு கிடைவரிசையில் வரும். அப்போதுதான் ஒரு குறியீட்டின் கீழ் வரும் எல்லாரையும் வடிகட்டி ஒரே இடத்தில் பார்க்க முடியும்.

இன்னும் இருவரைக் கேளுங்கள். ப5, செம்பனைக் குலை வெட்டியவர்:

"வாசல் மாமரம் நான் வைத்தது. தாமானுக்கு வந்த பிறகும் பழக் காலத்தில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பறித்து வருகிறேன். இப்போது அங்கே இருக்கிற வங்காளதேசத் தம்பி ஒன்றும் சொல்லமாட்டான். பாதியை அவனிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்."

ப3, கோவில் கமிட்டியில் நெடுநாள் இருந்தவர்:

"துரை கட்டிக் கொடுத்த கோவில் என்பார்கள். இடம் துரை கொடுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. கல் சுமந்தது எங்கள் அப்பா காலத்து ஆட்கள். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு வெள்ளி பிடித்தார்கள். அப்படியானால் கட்டியது யார்?"

உங்கள் பழைய பட்டியலில் ப2 'வீடு' மூட்டைக்குள் போயிருப்பார், ப3 'கோவில்' மூட்டைக்குள். ப5இன் மாமரம் எங்கும் ஒட்டாமல் 'மற்றவை' என்று ஒதுங்கியிருக்கும். குறியீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூவரும் ஒரே வேலையைச் செய்வது தெரிகிறது. மூவரும் முதலில் கம்பெனியின் உரிமையை ஒப்புக்கொள்கிறார்கள், அல்லது மறுக்காமல் விடுகிறார்கள். பிறகு 'ஆனால்' என்று வேறொரு கணக்கைத் திறக்கிறார்கள். அதில் எழுதப்படுவது ஓவர்டைம், சுமந்த கல், நட்ட மரம். கருப்பொருள் தலைப்புகளை இப்படிக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் நீங்கள் சரியான தடத்தில் இருக்கிறீர்கள் என்று அடையாளம்.

முதல் முயற்சியாக இதற்கு 'தோட்டத்தின் மீதான பற்று' என்று பெயர் வைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வைத்துப் பார்த்தால் பலவீனம் தெரியும். பற்று என்பது எல்லாவற்றையும் விழுங்கும் சொல். ப1 என்று ஒருவர், "அந்த வீட்டில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது, மறக்க முடியாது" என்று சொல்லியிருந்தால் அதுவும் பற்றுத்தான். ஆனால் ப1 எதையும் கேட்கவில்லை, எதையும் கணக்கில் எழுதவில்லை, நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அவரைச் சேர்த்தால் மற்ற மூவரிடமும் இருக்கும் கூர்மை மழுங்கிவிடும். ஆகவே பெயரை மாற்றி, எல்லையையும் எழுதுகிறேன்: "உழைப்பால் வந்த உரிமை. தாங்கள் போட்ட உழைப்பையோ காசையோ காட்டி ஒன்றைத் தங்களுடையது என்று கூறும் பகுதிகள் மட்டும். வெறும் நினைவு சேராது." ப1 வெளியே போய்விட்டார். அவருக்கு வேறு கருப்பொருளில் இடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அடுத்ததைத்தான் பெரும்பாலான மாணவர்கள் செய்வதில்லை. இந்தக் கருப்பொருளைக் கெடுக்கக்கூடிய ஆளைத் தேட வேண்டும். கையில் அழகாக ஒன்று அமைந்துவிட்டால் அதற்கு ஒத்து வரும் மேற்கோள்கள்தான் கண்ணில் படும். அதனால் 84 பக்கங்களையும் மறுபடி முதலிலிருந்து படியுங்கள், இந்த முறை எதிரி போல. மாதிரிக்கு, ப6 என்று நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண். தொழிலாளியின் மகள், தோட்டத்தில் வேலை செய்தவர் அல்ல:

"எனக்கு அந்த வீட்டின் மேல் ஒன்றும் கிடையாது. மழை பெய்தால் ஒழுகும். அப்பா தகரம் மாற்றுவார், அம்மா சிமெண்டு பூசுவார். யார் வீட்டுக்கு? அந்தக் காசைச் சேர்த்திருந்தால் எப்போதோ ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். இன்றைக்கு இந்த வீட்டு கிராண்டில் என் பெயர் இருக்கிறது."

இவரை என்ன செய்வது? 'ஏழில் ஒருவர்தானே' என்று விட்டுவிடுவது ஒரு வழி. அது ஏமாற்று. 'இளைய தலைமுறை வேறு மாதிரி நினைக்கிறது' என்று தனிக் கருப்பொருள் போடுவது இன்னொரு வழி. ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைக்காகப் பேச முடியாது, அதுவும் வேண்டாம். ப6 உண்மையில் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். ப2 எழுதிய அதே கணக்கைத்தான் அவரும் எழுதுகிறார். அதே தகரம், அதே சிமெண்டு, அதே காசு. ப2 அதை வரவாக எழுதினார், ப6 நஷ்டமாக எழுதுகிறார். உழைப்பு உரிமை தரும் என்பதை அவர் ஏற்கவில்லை. ஏட்டில் பெயர் இருந்தால்தான் உரிமை என்கிறார். ஆனால் ஏடு ஒன்று, உழைப்பு ஒன்று என இரண்டு கணக்கு இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

ஆக, என் வாக்கியம் உடையவில்லை, விரிகிறது. 'உழைப்பால் வந்த உரிமை' என்றால் ப6 வெளியே நிற்பார். 'ஏட்டில் கம்பெனிக்கு, உழைப்பில் எங்களுக்கு' என்று பெயர் மாற்றினால் நால்வரும் உள்ளே வருகிறார்கள். முழு வாக்கியம் இப்படி ஆகும்: "பங்கேற்பாளர்கள் தோட்டத்து வீட்டையும் கோவிலையும் இரண்டு கணக்கில் வைத்துப் பேசினார்கள். ஏட்டுக் கணக்கில் அவை கம்பெனியுடையவை. உழைப்புக் கணக்கில் தங்களுடையவை. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது இரண்டும் மோதின. அந்த மோதலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள்." ப2 அனுமதி கேட்டார். ப5 பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார். ப3 பதிலை எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார். ப6 பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிய ஏட்டில் பெயர் எழுதினார். முதலில் நீங்கள் காட்டிய 'வீடு' என்ற சொல்லில் இவ்வளவும் எங்கே இருந்தது?

பெயர் இரண்டு முறை மாறியதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். விரிவுரையாளர் 'எப்படி இந்தக் கருப்பொருளுக்கு வந்தாய்' என்று கேட்கும்போது காட்ட வேண்டியது அதுதான். அறிக்கையில் 'கருப்பொருள்கள் வெளிப்பட்டன' என்று மட்டும் எழுதாதீர்கள். அவை மழைக்குப் பின் காளான் போலத் தாமாக முளைக்கவில்லை. நீங்கள் உட்கார்ந்து எடுத்தீர்கள். பிரவுனுக்கும் கிளார்க்குக்கும் அந்தச் சொற்றொடர் பிடிக்காது.

எத்தனை பேர் சொன்னால் கருப்பொருள் ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். இதற்கு எண் கிடையாது. ஏழில் நால்வர் என்பதை 57 விழுக்காடு என்று எழுதினால் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஏழு பேர் என்பது யாருக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு அல்ல. 'நால்வரின் பேச்சில் இது தெளிவாக இருந்தது' என்று சொன்னால் போதும். இருவர் தனித்தனியாகக் குறியிட்டு எத்தனை விழுக்காடு ஒத்துப்போனது என்று கணக்கிடும் வழக்கமும் உண்டு. அது முன்கூட்டியே குறியீட்டுப் பட்டியல் தயாரித்துச் செய்யும் முறைகளுக்கு உரியது. உங்கள் பாட வழிகாட்டி கேட்டால் செய்யுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள்.

எழுதும்போது மேற்கோளை ஒட்டிவிட்டு, அது சொல்வதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்லக்கூடாது. "ப2 தகரத்தைக் கழற்ற அனுமதி கேட்டதாகக் கூறினார்" என்பது வெறும் செய்தி. பகுப்பாய்வு இப்படி இருக்கும்:

"தகரத்துக்கான காசு கணவருடைய ஓவர்டைம் காசு என்று ப2 விரிவாகச் சொல்கிறார். அப்படிச் சொன்ன அடுத்த மூச்சிலேயே, அதே தகரத்தை எடுக்க அனுமதி கேட்டதாகவும் சொல்கிறார். தன் காசில் வாங்கிய பொருளுக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதை அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை, நடைமுறையாகச் சொல்கிறார். உழைப்புக் கணக்கு அவர் மனத்தில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கிராணியின் முன் நின்றபோது பேசியது ஏட்டுக் கணக்குத்தான். ப5 இதற்கு மாறாக யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் பாதிப் பழத்தைக் கொடுத்துவிடுவதில், தன் உரிமை முழுமையானதல்ல என்பதை அவரும் ஒப்புக்கொள்வதாகத் தோன்றுகிறது."

இதில் 'தோன்றுகிறது' என்று எழுதியதைப் பாருங்கள். அனுமதி கேட்டது ப2 சொன்னது. அதை உறுதியாக எழுதலாம். பாதிப் பழத்துக்குப் பொருள் சொன்னது நான். ப5 வெறும் அன்பினால்கூடக் கொடுத்திருக்கலாம், நம் ஆட்களுக்கு அது புதிதா என்ன. அவர் சொன்னதும் நீங்கள் ஊகித்ததும் படிப்பவருக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். உங்கள் ஏழு பேரில் இப்படி ஒருவர் இருந்தால், முடிந்தால் அவரிடம் திரும்பப் போய் 'ஏன் பாதி கொடுக்கிறீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருப்பார்.

இந்த அளவில் இரண்டு, அல்லது அதிகம் போனால் மூன்று கருப்பொருள்கள் உங்கள் பணிக்குப் போதும். 'பிள்ளைகள் படிப்பு' மூட்டையை அடுத்துப் பிரியுங்கள். அதில் இருப்பதில் பாதி படிப்பைப் பற்றியதாக இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

ஒன்றை மட்டும் முடிப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். பெயரை எடுத்துவிட்டு ப2, ப5 என்று போட்டதோடு அடையாளம் மறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். தோட்டப் பெயரைப் போட்டு, 'ஆயாக் கொட்டகையில் இருபது வருடம் வேலை பார்த்தவர்' என்று எழுதினால் இந்த ஊரில் அது ஒரே ஒருவராகத்தான் இருப்பார். சந்தையில் நிற்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். நம் எடுத்துக்காட்டிலேயே மூத்த மகள் வயதுக்கு வந்த வருடமும், கூடாது என்ற கிராணியும் அப்படிப்பட்டவைதான். மகள் பற்றிய வரி இந்தக் கருப்பொருளுக்குத் தேவையில்லை. அறிக்கையில் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். கிராணி தேவை, ஏனென்றால் ஏட்டின் குரல் அவர்தான். அவரை 'அலுவலகத்தார்' என்று மாற்றிவிடுங்கள். தோட்டத்தின் பெயர் எங்கும் வரக்கூடாது.